மாமாவின் நகைப் பட்டறைக் காணொளி: எதை ஓட விடுவது, எதை மெதுவாக்குவது?

பட்டறை மருமகன் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு மாடிப் பட்டறையில் நாற்பது வருடமாக நகை செய்கிறார். போன மாதம் அவர் ஒரு தாலிக்கொடி செய்தபோது தொடக்கத்திலிருந்து முடிவு வரை கைபேசியில் பதிவு செய்தேன். எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரப் பதிவு இருக்கிறது. அதை நான்கு நிமிடமாக வெட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் எட்டு மடங்கு வேகமாக்கி, பின்னால் ஓர் இசை போட்டு மாமாவிடம் காட்டினேன்.

அவர் முழுவதையும் பார்த்தார். பிறகு, "இதைப் பார்க்கிறவன் நாளைக்குக் கடைக்கு வந்து, நாலு நிமிட வேலைக்கு எதற்கு இவ்வளவு செய்கூலி என்று கேட்பான்" என்றார். எனக்கு அது சுட்டது. அவர் சொன்னது சரி. நான்கு நாள் குனிந்திருந்து செய்த வேலையை நானே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன்.

அதைத் திருத்த வேண்டும். மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, வளையங்களைப் பற்றவைக்கும் இடத்தை 120 பிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். படம் முழுவதும் துடிக்கிறது. யாரோ விளக்கை விடாமல் அணைத்து ஏற்றுவதுபோல் இருக்கிறது.

இரண்டு, அரம் போடும் காட்சியை எட்டு மடங்கு ஓட்டினால் மாமாவின் கை வேகமாக ஓடவில்லை. சில இடத்தில் நிற்கிறது, சில இடத்தில் பின்னோக்கி ஊர்கிறது. பதிவில் எந்தப் பிழையும் இல்லை, சாதாரண வேகத்தில் நன்றாகவே ஓடுகிறது.

மூன்று, எதை வேகமாக்குவது, எதை மெதுவாக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று எப்படி முடிவெடுப்பது? இதுவரை சலிப்பாக இருந்த இடத்தை ஓட்டினேன், அழகாக இருந்த இடத்தை மெதுவாக்கினேன். அது போதவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் (சனி, இரவு 10.15)

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் எளிது. அது மின்விளக்கு மினுக்கம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வையுங்கள், போய்விடும். நான் திருமண மண்டபங்களில் பத்து வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன், ஒரு நாளும் மினுக்கம் வந்ததில்லை.

அரம் போடும் காட்சிக்கு எட்டு மடங்கு அதிகம். நான்கு மடங்காகக் குறைத்துப் பாருங்கள்.

தெஹிவளை வாசகன் (சனி, இரவு 10.32)

எனக்கும் இதே கரைச்சல் இருந்தது. காணொளி நின்று நின்று ஓடுவது கைபேசியில் இடம் நிரம்பியதால் இருக்கலாம். பழைய படங்களை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

பட்டறை மருமகன் (சனி, இரவு 10.50)

@தெஹிவளை வாசகன்: நன்றி அண்ணா, ஆனால் இது ஓட்டும்போது நிற்பதில்லை. ஏற்றுமதி செய்த கோப்பிலேயே கை அப்படித்தான் அசைகிறது. மற்றக் கைபேசியிலும் கணினியிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

@கொட்டாஞ்சேனைக்காரன்: அண்ணா, 120 பிரேமில் வைத்துக்கொண்டு ஷட்டரை 1/50க்கு இறக்கப் பார்த்தேன். செயலி 1/120க்குக் கீழே போக விடவில்லை.

வெளிச்சம் (ஞாயிறு, காலை 6.20)

செயலி விடாததில் பிழை இல்லை. ஒரு செக்கனுக்கு 120 படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 1/120 செக்கன்தான். அதற்குள் 1/50 செக்கன் திறந்து வைக்க இடமில்லை. கொட்டாஞ்சேனை அண்ணன் சொன்னது 25 பிரேமில் எடுக்கும்போது முற்றிலும் சரி. மண்டபத்தில் அவர் எடுப்பது அந்த வேகத்தில்தான் இருக்கும். ஸ்லோ மோஷனுக்கு அது பொருந்தாது.

உங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மின்குமிழ் ஒரு செக்கனில் 100 தடவை கூடிக் குறைகிறது, ஏனென்றால் மின்னோட்டம் இரு திசையிலும் உச்சத்துக்குப் போய் வருகிறது. நீங்கள் 120 தடவை படம் பிடிக்கிறீர்கள். நூறும் நூற்றிருபதும் ஒத்துப்போகாததால் ஒரு படம் வெளிச்சத்தின் உச்சத்திலும் அடுத்தது சற்றுத் தாழ்விலும் விழுகிறது. ஆறு படத்துக்கு ஒரு முறை அதே நிலை திரும்பி வரும். அதை 25 பிரேமில் மெதுவாக ஓட்டும்போது செக்கனுக்கு நான்கு துடிப்புத் தெரியும். எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். 240 பிரேமில் எடுத்திருந்தால் பத்துத் துடிப்பாகியிருக்கும், கண் இன்னும் நோகும்.

அமெரிக்கக் காணொளிகளில் 120 பிரேமை எல்லோரும் கவலையின்றிப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், விளக்கு 120 தடவை துடிக்கிறது. அவர்களுக்கு இரண்டும் கைகோத்துப் போகின்றன. கொழும்பில் அந்த எண் 100. கமெராவின் அமைப்புப் பட்டியலில், 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்குரிய PAL என்று மாற்றினால் 120 இருந்த இடத்தில் 100 வரும் கமெராக்கள் பல இருக்கின்றன. 100 பிரேம், ஷட்டர் 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு படமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், மினுக்கம் எழாது. அதை 25இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகக் கிடைக்கும். பற்றவைப்புக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

கைபேசி மட்டும்தான் என்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், சூரியன் துடிப்பதில்லை. மேசையை யன்னலோரம் நகர்த்த முடியுமா என்று மாமாவிடம் கேளுங்கள். முடியாவிட்டால் மின்கலத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று வாங்கி, முழுப் பிரகாசத்தில் வையுங்கள். பிரகாசத்தைக் குறைத்தால் மலிவான விளக்குகள் தாமே வேகமாக அணைந்து எரிந்துதான் குறைத்துக் காட்டும், திரும்பவும் மினுக்கம் வரும். எந்த விளக்கு குற்றவாளி என்று அறிய, கைபேசியை 240 பிரேமில் வைத்து ஒவ்வொன்றையும் ஐந்து செக்கன் எடுத்துப் பாருங்கள். எல்லா விளக்கும் துடிப்பதில்லை. துடிக்கிறதை மட்டும் அணைத்தால் போதும்.

மற்ற இரண்டு கேள்விக்கும் மத்தியானம் எழுதுகிறேன். மூன்றாவதுதான் பெரிய கேள்வி.

வெள்ளவத்தை அக்கா (ஞாயிறு, காலை 8.05)

தம்பி, உங்கள் கேள்விக்குள் நான் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் வீட்டிலிருந்து அப்பமும் பலகாரமும் செய்து கொடுக்கிறேன். அப்ப மா பொங்குவதை டைம் லாப்ஸ் எடுக்க மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை அரை மணிக்கு ஒரு படம் எடுத்தேன், ஒன்றுமே புரியவில்லை. இரண்டாம் தடவை ஐபோனின் டைம் லாப்ஸில் இரவு முழுவதும் விட்டேன், அரை நிமிடம்கூட வரவில்லை, நடுவில் வெளிச்சம் மாறி மாறிப் போகிறது. மூன்றாம் தடவை மா பொங்கியதே தெரியவில்லை, மேற்பரப்பு மட்டும் நடுங்கியது.

வெளிச்சம் (ஞாயிறு, நண்பகல் 12.45)

அக்கா, உங்களுடையதை முதலில் முடிக்கிறேன், தம்பியின் மூன்றாவது கேள்விக்கு அது வழி போட்டுத் தரும்.

ஐபோன் தன்பாட்டில் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். பதிவு நீள நீள, இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஏற்கெனவே எடுத்ததிலும் பாதியைக் கழித்துவிடும். அதனால்தான் எவ்வளவு நேரம் விட்டாலும் 20 முதல் 40 செக்கன் வரைதான் வரும். இடைவெளியை நீங்களே தரக்கூடிய செயலி ஒன்று வேண்டும். கணக்கு எளிது. மா ஆறு மணி நேரம் பொங்குகிறது என்று வையுங்கள், அது 21,600 செக்கன். திரையில் உங்களுக்கு 12 செக்கன் வேண்டும், 25 பிரேமில் அது 300 படம். வகுத்தால் 72 செக்கனுக்கு ஒரு படம்.

வெளிச்சம் மாறுவதற்கு இரண்டு காரணம். விடியும்போது யன்னல் வெளிச்சம் உள்ளே வருகிறது. கைபேசியும் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே புதிதாக அளக்கிறது. யன்னலை மூடி ஒரே ஒரு விளக்கு வையுங்கள். திரையில் மாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், ஐபோனின் சொந்தக் கமெராவில் AE/AF LOCK என்று வரும், அதன்பிறகு தொடங்குங்கள்.

மா பொங்கியது தெரியாததற்குக் காரணம் கமெரா அல்ல, பாத்திரம். மேலிருந்து அகலப் பாத்திரத்துக்குள் பார்த்தால் உயர்வு தெரியாது. உயரமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, பக்கவாட்டில் எடுங்கள். மா இருந்த மட்டத்தில் ஒரு இறப்பர் வளையம் போடுங்கள், மா அதைத் தாண்டி ஏறுவதை யாரும் சொல்லாமலே பார்ப்பார்கள்.

தம்பி, இதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். டைம் லாப்ஸ் எதையாவது கூட்டும்போதோ குறைக்கும்போதோதான் பேசும். மா ஏறுகிறது, மெழுகுதிரி இறங்குகிறது, தட்டில் வளையங்கள் நிறைகின்றன. நீங்கள் வேகமாக்கியதெல்லாம் கை. கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒரே இடத்தில் போய் வருகிறது. அதை எட்டு மடங்கு ஓட்டினால் பார்ப்பவனுக்குக் கிடைப்பது பரபரப்பு மட்டும்தான், வேலை எவ்வளவு நடந்தது என்பது கிடைக்காது.

மாமா ஒரு கொடிக்கு எத்தனை வளையம் செய்கிறார், எங்கே வைக்கிறார்?

பட்டறை மருமகன் (ஞாயிறு, பிற்பகல் 2.10)

வளையங்களைச் செய்யச் செய்ய ஒரு பித்தளைத் தட்டில் போடுகிறார். அந்தத் தட்டை நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. என் கமெரா முழு நேரமும் கையைத்தான் பார்த்தது. இப்போது நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வெளிச்சம் (ஞாயிறு, பிற்பகல் 3.30)

வருத்தப்பட வேண்டாம், அடுத்த வேலைக்கு இரண்டாவது கைபேசியை அந்தத் தட்டுக்கு மேலே கட்டிவிடுங்கள். வளையம் சேரும் வேலை இரண்டரை மணி நேரம் என்றால் 9,000 செக்கன். திரையில் 15 செக்கனுக்கு 375 படம், ஆக 24 செக்கனுக்கு ஒரு படம். அந்த 15 செக்கன், மாமா எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்பதை உங்கள் எட்டு மடங்குக் கையைவிட நன்றாகச் சொல்லும்.

அரம் போடும் கை ஏன் பின்னோக்கி ஊர்கிறது என்பதற்கு வருகிறேன். சாதாரண வேகப் பதிவில், மாமா அரத்தைச் செக்கனுக்கு எத்தனை தடவை தள்ளி இழுக்கிறார் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பட்டறை மருமகன் (ஞாயிறு, பிற்பகல் 3.50)

பத்துச் செக்கனில் முப்பது. ஆகவே செக்கனுக்கு மூன்று. பதிவு 25 பிரேம்.

வெளிச்சம் (ஞாயிறு, மாலை 4.15)

அப்படியானால் ஒரு தள்ளி இழுப்புக்கு எட்டேகால் படம் சொச்சம் ஆகிறது. நீங்கள் எட்டு மடங்கு ஓட்டும்போது மென்பொருள் எட்டுப் படத்துக்கு ஒன்றை எடுத்து, மற்ற ஏழையும் எறிந்துவிடுகிறது. கை ஒரு சுற்று முடிப்பதற்குச் சற்று முன்னதாக ஒவ்வொரு தடவையும் பிடிபடுகிறது. அதாவது போன தடவை நின்ற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால். அடுத்தது இன்னும் கொஞ்சம் பின்னால். அதுதான் பின்னோக்கி ஊர்கிறது. மாமா களைத்து வேகம் குறையும் இடங்களில் ஊர்வதும் மாறும்.

அண்ணன் சொன்னபடி நான்கு மடங்காக்கினால் ஊர்வது நிற்கும், ஆனால் ஒரு சுற்றுக்கு இரண்டே படம்தான் கிடைக்கும், கை அங்கும் இங்கும் குதிக்கும். எறியப்படும் ஏழு படத்தையும் எறியாமல், எட்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு படமாக்குவதே வழி. கை ஒரு மெல்லிய புகைபோலத் தெரியும், அரத்தின் கீழிருக்கும் தங்கம் அசையாததால் கூர்மையாகவே இருக்கும். பார்ப்பவனின் கண் தானாகக் கையை விட்டுத் தங்கத்துக்குப் போகும், அங்கேதான் வடிவம் மாறுகிறது.

எடிட்டிங் மென்பொருளில் பிரேம்களைக் கலக்கும் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். நான் இப்படிச் செய்கிறேன்:

```
ffmpeg -i aram.mp4 -vf "tmix=frames=8,setpts=PTS/8,fps=25" -an aram8.mp4
```

tmix அடுத்தடுத்த எட்டுப் படங்களைச் சராசரியாக்குகிறது, setpts ஓட்டத்தை எட்டு மடங்காக்குகிறது, -an ஒலியை எடுத்துவிடுகிறது. மடங்கை மாற்றினால் இரண்டு இடத்திலும் எட்டை மாற்றுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. உங்கள் கைபேசி பகலில் வேகமான ஷட்டரில் எடுத்திருந்தால் ஒவ்வொரு படமும் மிகக் கூர்மையாக இருக்கும். கலந்தால் புகைக்குப் பதில் எட்டுத் தனித்தனி விரல்கள் தெரியும். அடுத்த தடவை, ஓட்டப்போகும் காட்சி என்று முன்பே தெரிந்தால், ஷட்டரை 1/25இல் வைத்து எடுங்கள். விளக்கு மினுக்கமும் அதில் வராது.

கொட்டாஞ்சேனைக்காரன் (ஞாயிறு, மாலை 5.05)

ஷட்டர் விஷயத்தில் ஸ்லோ மோஷனை நான் யோசிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கலப்பதை ஏற்க மாட்டேன். கை வேலை காணொளியில் கையே புகையானால் பிறகு என்ன இருக்கிறது? என் வாடிக்கையாளர்கள் கையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் என்றால் அந்த அரத்தை ஓட்டவே மாட்டேன். பத்துச் செக்கன் சாதாரண வேகம், வெட்டு, முடிந்த பொருள். அவ்வளவுதான்.

வெளிச்சம் (ஞாயிறு, மாலை 5.40)

அதுவும் நல்ல வழி, அண்ணா. வெட்டினால் "இதற்கிடையில் நேரம் போயிற்று" என்று பார்ப்பவன் புரிந்துகொள்வான். ஓட்டினால் "இவ்வளவு வேலை நடந்தது" என்பான். எது வேண்டும் என்பது மாமாவின் மனக்குறையைப் பொறுத்தது. இங்கே அவர் கேட்டது இரண்டாவது.

இப்போது பற்றவைப்பு. தம்பி, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று மாமா சொல்லியிருக்கிறாரா?

பட்டறை மருமகன் (ஞாயிறு, இரவு 7.25)

இப்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன். வளையத்தின் வாயைச் சேர்த்து, வெண்காரம் தடவி, பற்றவைக்கும் உலோகப் பொடி வைத்து, காஸ் சுடரைக் காட்டுகிறார். முதலில் வெண்காரத்தில் உள்ள தண்ணீர் போய் அது வெள்ளையாகப் பொங்கும். அந்த நேரம் பொடி இடம் பெயர்ந்துவிடக்கூடும், அதனால் சுடரைத் தூரத்தில் வைத்திருப்பார். பிறகு வெண்காரம் கண்ணாடிபோல் படியும். தங்கம் மங்கிய சிவப்புக்கு வரும். அதன்பிறகு ஒரு கணம் பொடி மினுங்கி வாய்க்குள் ஓடும். "அந்த மினுக்கைக் கண்டதும் சுடரை எடுக்க வேண்டும், ஒரு மூச்சு பிந்தினாலும் வளையம் உருகிப்போகும்" என்றார். மினுங்கும் நேரம் அரைச் செக்கன்தான் இருக்கும்.

வெளிச்சம் (ஞாயிறு, இரவு 8.10)

உங்கள் மூன்றாவது கேள்விக்கு மாமாவே பதில் சொல்லிவிட்டார். பொருள் தன் நிலையை மாற்றும் நேரம் கண்ணுக்கு எட்டாத அளவு குறுகியதாக இருந்தால் மெதுவாக்குங்கள். மிக நீண்டதாக இருந்தால் ஓட்டுங்கள். இரண்டும் இல்லாமல், கையின் தாளத்தில்தான் வித்தை இருக்கிறது என்றால் தொடாதீர்கள். கம்பியை அச்சில் இழுப்பது அப்படிப்பட்டது. அதைச் சாதாரண வேகத்தில், சொந்த ஒலியோடு வையுங்கள். கம்பி துளையில் உரசிப் பாடுவதைக் கேட்டாலே எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும்.

நான் என்றால் இப்படி வெட்டுவேன். கம்பி இழுப்பு, 20 செக்கன், உள்ளபடி. கம்பியைச் சுற்றி வளையமாக அறுப்பது, அதுவும் உள்ளபடி, சுருக்கமாக. பிறகு ஒரே ஒரு வளையத்தின் பற்றவைப்பை, வெண்காரம் தடவுவதிலிருந்து, வெட்டே இல்லாமல் சாதாரண வேகத்தில் காட்டுங்கள். நாற்பது செக்கன் போனாலும் போகட்டும். பொடி மினுங்குவதற்கு ஒரு செக்கனுக்கு முன்பு ஸ்லோ மோஷனுக்குள் போங்கள். அந்த ஒரு செக்கன், மினுங்கும் அரைச் செக்கன், சுடர் விலகும் கணம், இவை நான்கு மடங்கில் ஆறேழு செக்கனாகும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். சுடர் விலகியதும் சாதாரண வேகத்துக்கு வாருங்கள்.

அதன்பிறகு தட்டு. ஒரு வளையம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்தவனுக்கு, தட்டில் ஒவ்வொரு வளையமாக விழுந்து நிறையும்போது கணக்குத் தானாக மனத்தில் ஓடும். அந்த வரிசை மாறினால், தட்டு முதலில் வந்தால், அது வெறும் அலங்காரம்.

ஸ்லோ மோஷனில் வந்த ஒலியைப் பாவிக்காதீர்கள், இழுபட்டுக் கரகரக்கும். சாதாரண வேகத்தில் எடுத்த சுடரின் இரைச்சலை அப்படியே தொடர விடுங்கள். சுடரின் இரைச்சலுக்குத் தாளம் இல்லாததால் நீளமாக்கினாலும் யாருக்கும் தெரியாது. சுத்தியலில் இதைச் செய்ய முடியாது.

சுடரை நோக்கும்போது கைபேசி படத்தை இருட்டாக்கும், சுடர் விலகினால் வெளுக்கும். முன்பே வெளிச்சத்தைப் பூட்டி, சற்றே குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் தங்கத்தின் சிவப்பு வெள்ளையாகப் போய்விடும், மாமா பார்க்கும் அந்த நிறத்தைப் பார்ப்பவன் காணவே மாட்டான். கைபேசியைச் சுடருக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் தூர வில்லையில் எடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் (ஞாயிறு, இரவு 8.45)

சாதாரண வேகத்திலிருந்து ஸ்லோ மோஷனுக்குப் படிப்படியாக வழுக்கிக்கொண்டு போவதுதான் இப்போது எல்லோரும் விரும்புவது. அதற்கு இரண்டு கோப்புத் தேவையில்லை. முழுவதையும் 100 பிரேமில் எடுத்து, எடிட்டிங்கில் வேகத்தை வளைத்தால் போதும்.

வெளிச்சம் (ஞாயிறு, இரவு 9.00)

செய்யலாம். எனக்குப் பிடிப்பதில்லை. வழுக்கிப் போனால் கமெராக்காரன் ஏதோ செய்கிறான் என்று பார்ப்பவன் உணர்கிறான், அந்த நொடியில் தங்கத்தை மறக்கிறான். ஒரே வெட்டில் போனால் நிகழ்வு தன் எடையைத் தானே வைத்திருக்கிறது. ஆனால் கண்ணுக்குப் பிடித்தமான விஷயத்தில் நான் வாதாட மாட்டேன்.

வெள்ளவத்தை அக்கா (அடுத்த வெள்ளி, இரவு 9.30)

போத்தலில் எடுத்தேன். இறப்பர் வளையத்தைத் தாண்டி மா ஏறியதைப் பார்த்து என் மகள் கைதட்டினாள். நான்காவது மணியில் மின்சாரம் பத்து நிமிடம் போய்விட்டது. அந்த எட்டுப் படமும் கறுப்பு. அவற்றை எடுத்துவிடலாமா?

வெளிச்சம் (அடுத்த வெள்ளி, இரவு 10.05)

எடுத்துவிடுங்கள் அக்கா. எட்டுப் படம் என்பது திரையில் மூன்றில் ஒரு செக்கன். மா அந்தப் பத்து நிமிடத்தில் ஏறிய உயரம் ஒரு சிறு துள்ளலாகத்தான் தெரியும்.

பட்டறை மருமகன் (இரண்டு வாரத்துக்குப் பின், ஞாயிறு, பிற்பகல் 1.20)

மாமாவுக்கு இன்னொரு கொடி வேலை வந்தது. மேசையை யன்னலுக்குக் கீழே நகர்த்தினோம். நண்பன் ஒருவனின் கமெராவை இரவல் வாங்கி, PALஇல் 100 பிரேம் வைத்தேன். மினுக்கம் அறவே இல்லை. தட்டுக்கு மேலே என் கைபேசி, 24 செக்கனுக்கு ஒரு படம். அரம் காட்சியை இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன், கலந்ததையே வைத்தேன். கையின் புகைக்குள் தங்கம் மெல்ல உருண்டையாவது தெரிகிறது.

மாமாவிடம் காட்டினேன். தட்டு நிறையும் இடத்தில் "ஓம், அவ்வளவு நேரம்தான்" என்றார், முகம் மலர்ந்தது. அதற்கு முந்திய பற்றவைப்பு ஸ்லோ மோஷனைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை அவர் பார்த்தது பொடியை அல்ல என்று எனக்கு விளங்கியது. இடுக்கி பிடித்த அவருடைய விரல் நடுங்குகிறது. சாதாரண வேகத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் இதுவரை தெரியாது. மெதுவாக்கினால் நன்றாகத் தெரிகிறது. "இதை எடுத்துவிடு" என்று மட்டும் சொன்னார்.

எடுத்துவிடத்தான் போகிறேன். ஆனால் அந்த மினுக்கு இல்லாமல் காணொளியே இல்லை. என்ன செய்வது?

வெளிச்சம் (ஞாயிறு, பிற்பகல் 2.00)

யார் கையிலும் செக்கனுக்கு எட்டுப் பத்துத் தடவை ஒரு சிறு நடுக்கம் இருக்கிறது, இருபது வயதுக் கையிலும் உண்டு. அவ்வளவு வேகத்தில் கண் அதைப் பிடிப்பதில்லை. நான்கு மடங்கு மெதுவாக்கினால் இரண்டு மூன்று தடவையாகி, கண் பிடித்துக்கொள்கிறது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் உங்கள் கையையும் அதே 100 பிரேமில் எடுத்துக் காட்டுங்கள்.

படத்துக்கு, இன்னும் நெருக்கமான சட்டத்தில், வளையத்தின் வாய் மட்டும் தெரியும்படி எடுங்கள். விரலும் இடுக்கியின் பிடியும் வெளியே போகட்டும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றச் சொன்னாலும் குறையும், ஆனால் அவருடைய பழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 2.35)

நான் என்றால் விரலோடு வைத்திருப்பேன். நாற்பது வருடக் கை அது. ஆனால் முடிவு மாமாவுடையது, தம்பி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பட்டறை மருமகன் (ஞாயிறு, இரவு 8.50)

என் கையை எடுத்துக் காட்டினேன். என்னுடையதும் நடுங்குகிறது. மாமா கமெராவை வாங்கி, தன் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வரும் ஞாயிறு காலை, கடை திறக்கும் முன் வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு வளையம் தனியே எடுத்து வைப்பாராம். நெருக்கமாக ஒன்று, விரலோடு ஒன்று எடுக்கப்போகிறேன். எதை வைப்பது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.